பெரிட்டின் 46 எப்படி 11 ஆனது?

*டொக்டர், எனக்கு 24 வயது. வீடு விசுவமடுப் பக்கம், வேலை கிளிநொச்சியில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில். ஆறு மாதமாக ஒரே களைப்பு. படி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது, தலைமுடி கொட்டுகிறது. மார்கழியில் காய்ச்சலோடு இருக்கும்போது எடுத்த இரத்தத்தில் பெரிட்டின் 46. மாசியில் திரும்ப எடுத்தபோது 11. இரண்டுமே நோர்மல் என்றுதான் ரிப்போட்டில் இருக்கிறது. ஹீமோகுளோபின் 12.2. "ரத்தம் காணும், பயப்பட ஒன்றுமில்லை" என்று சொல்லி விற்றமின் குளிசை தந்தார்கள். இரண்டு மாதத்தில் 35 எங்கே போனது? எனக்கு மாதவிடாய் எட்டு நாள் நிற்கும். முதல் மூன்று நாளும் இரவில் எழும்பி மாற்ற வேண்டும். அம்மாவுக்கும் அப்படித்தானாம். ஆவணியில் கல்யாணம் பேசியிருக்கிறார்கள். ரிப்போட்டின் படம் அனுப்பியிருக்கிறேன்.*

*வாசகி, முல்லைத்தீவு மாவட்டம்*

அன்புத் தங்கைக்கு,

அந்த 35 எங்கேயும் போகவில்லை. மார்கழியிலும் அது உங்கள் உடம்பில் இருந்திருக்காது. காய்ச்சல் நேரத்து 46 பொய்க் கணக்கு, மாசி மாதத்து 11 மெய்க் கணக்கு. உங்கள் உடம்பின் இரும்புச் சேமிப்பு ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஹீமோகுளோபின் இன்னும் விழாததால்தான் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

இதை விளக்க நமது குளங்களை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. இரணைமடுவில் தண்ணீர் குறைந்துகொண்டே போனாலும், துருசு திறந்திருக்கும் வரை வாய்க்காலில் தண்ணீர் ஓடும், வயல் பச்சையாகவே நிற்கும். வயலை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்பவருக்குக் குளம் வற்றுவது தெரியாது. வயல் வாடத் தொடங்கும்போது குளத்தின் அடிச்சேறு தெரிகிற நிலை வந்திருக்கும். உங்கள் ஹீமோகுளோபின்தான் வயல். பெரிட்டின் என்பது குளத்து அளவுகோல். ஈரல், எலும்பு மச்சை, மண்ணீரல் ஆகியவற்றில் இரும்பைப் பொதிந்து வைத்திருக்கும் புரதம் அது. அதில் மிகச் சிறிய பங்கு இரத்தத்தில் கசிகிறது. அந்தக் கசிவை அளந்துதான் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று ஊகிக்கிறோம்.

இனி உங்கள் மாசி மாத ரிப்போட்டை எடுத்து முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரியாகப் பார்ப்போம்.

இரும்புப் பரிசோதனையில் நான்கு இலக்கங்கள் இருக்கின்றன. முதலாவது சீரம் அயன், 41. இது வாய்க்காலில் இந்த நிமிடம் ஓடுகிற தண்ணீர். உங்கள் ஆய்வுகூடம் 50க்கு மேல் இருக்க வேண்டும் என்று போட்டு, பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் இட்டிருக்கிறது. நால்வரில் குறைவாக நம்ப வேண்டியது இந்த ஆளைத்தான். காலையில் ஒரு அளவு, பின்னேரம் ஒரு அளவு என்று அது மாறும். முதல் நாள் காய்ச்சல் வந்திருந்தால் விழும். அன்று விடிய ஓர் இரும்புக் குளிசை போட்டுவிட்டு இரத்தம் கொடுத்தால் துள்ளி ஏறும். சீரம் அயன் 120 என்று மகிழ்ச்சியோடு காட்டிய ஒரு பிள்ளையின் பெரிட்டின் 8 ஆக இருந்ததை என் கிளினிக்கில் பார்த்திருக்கிறேன். அவள் ஆய்வுகூடத்துக்குப் போகும் வழியில் குளிசை போட்டிருந்தாள். ஆகவே சீரம் அயனை மட்டும் தனியாகச் செய்து வந்து கேட்டால் நான் எதுவும் சொல்வதில்லை.

இரண்டாவது டி.ஐ.பி.சி., 432. இரும்பை ஏற்றிச் செல்லும் புரதத்தின் மொத்தக் கொள்ளளவு இது. நெல் ஏற்ற வரிசையில் நிற்கும் உழவு இயந்திரப் பெட்டிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு குறையக் குறைய ஈரல் அதிகம் பெட்டிகளை அனுப்புகிறது, எங்கேயாவது கிடைப்பதைப் பொறுக்கி வரட்டும் என்று. அதனால் இந்த இலக்கம் மட்டும் குறைபாட்டில் மேலே போகும். உங்களுடையது 450 என்ற மேல் எல்லையை முட்டிக்கொண்டு நிற்கிறது. எல்லையைத் தாண்டவில்லை என்பதால் ஆய்வுகூடம் அதற்குக் குறி இடவில்லை.

மூன்றாவது செறிவு வீதம். உங்கள் ரிப்போட்டில் அந்த வரி இல்லை. ஆனால் நீங்களே கணக்குப் போடலாம். 41ஐ 432ஆல் பிரித்து 100ஆல் பெருக்கினால் 9.5 வீதம். நூறு பெட்டிகளில் ஒன்பது பத்தில்தான் நெல் இருக்கிறது, மற்றவை வெறுமையாக ஓடுகின்றன. 20 வீதத்துக்கு மேல் இருந்தால் நிம்மதி. 16 வீதத்துக்குக் கீழே போனால், இரத்த அணுக்களைச் செய்யும் எலும்பு மச்சைக்கு வேண்டிய இரும்பு வந்து சேர்வதில்லை என்று கொள்வோம்.

நான்காவது பெரிட்டின். ஆய்வுகூடம் போட்டிருக்கும் எல்லை 10 முதல் 120 வரை. 11 அதற்குள் விழுந்துவிட்டது. ஒரு புள்ளி வித்தியாசத்தில் நீங்கள் நோர்மல் ஆகிவிட்டீர்கள். இந்த எல்லை எங்கிருந்து வருகிறது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நலமாக இருப்பதாகத் தோன்றும் ஆட்கள் பலரின் இரத்தத்தை எடுத்து, அதில் பெரும்பாலோர் எந்த அளவுக்குள் வருகிறார்கள் என்று பார்த்து அந்த எல்லையைப் போடுகிறார்கள். மாதவிடாய் வயதுப் பெண்களில் ஏராளமானவர்களுக்கு ஏற்கெனவே இரும்பு குறைவு. அவர்களையும் சேர்த்து எல்லை போட்டால் கீழ்க்கோடு தானாகவே இறங்கும். காய்ச்சல், அழற்சி எதுவும் இல்லாத வளர்ந்தவருக்குப் பெரிட்டின் 15க்குக் கீழே இருந்தால் அது இரும்புக் குறைபாடு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டல். எங்களில் பலர் 30க்குக் கீழே இருந்தாலே, அதுவும் களைப்புள்ள இளம் பெண் என்றால், குறைபாடு என்று எடுத்துக்கொள்கிறோம். 15 என்ற கோடு அநேகமாக யாரையும் தவறாகச் சேர்த்துவிடாது, ஆனால் குறைபாடுள்ள பலரைத் தவறவிடும். உங்கள் 11 இந்த இரண்டு கோடுகளில் எதை வைத்துப் பார்த்தாலும் கீழேதான்.

(வேறு ஆய்வுகூடத்தில் எடுத்த ரிப்போட்டோடு ஒப்பிடும்போது அலகைப் பாருங்கள். பெரிட்டினுக்கு மில்லிலீற்றருக்கு நனோகிராம் என்று இருந்தாலும் லீற்றருக்கு மைக்கிரோகிராம் என்று இருந்தாலும் இலக்கம் ஒன்றுதான். சீரம் அயன் அப்படி இல்லை. உங்கள் 41 மைக்கிரோகிராம், மைக்கிரோமோல் கணக்கில் 7 சொச்சம் ஆகிவிடும். 41 இரண்டே மாதத்தில் 7 ஆகிவிட்டது என்று அழுதுகொண்டு வந்தவர்களும் உண்டு.)

இப்போது மார்கழிக்கு வருவோம். கிருமி உடலுக்குள் வந்தால் அதற்கும் இரும்பு வேண்டும். அதற்குக் கொடுக்கக் கூடாது என்று உடல் துருசை மூடிவிடுகிறது. ஈரலில் இருந்து ஹெப்சிடின் என்ற ஹோமோன் சுரந்து, குடலில் இருந்து இரும்பு உள்ளே வருவதையும் சேமிப்பிலிருந்து வெளியே போவதையும் தடுக்கிறது. அதே நேரம் பெரிட்டினும், இருப்பைப் பற்றிக் கவலைப்படாமல், காய்ச்சலின் எதிர்வினையாகவே இரத்தத்தில் ஏறுகிறது. குளத்துக்குப் புதிதாக ஒரு சொட்டும் வராமல் அளவுகோல் மட்டும் மேலே போன மாதிரி. டெங்குவில் இது ஆயிரக் கணக்குக்குக்கூடப் போகும். உங்களுக்கு வந்தது சாதாரண காய்ச்சல், ஆகவே 46 வரைதான் தூக்கியது. காய்ச்சலோ அழற்சியோ உள்ள நேரத்தில் வளர்ந்தவருக்கு 70க்குக் கீழே இருந்தாலே குறைபாட்டைச் சந்தேகிக்கச் சொல்கிறது அதே வழிகாட்டல். அந்தக் கோட்டை வைத்துப் பார்த்தால் மார்கழியிலேயே உங்கள் 46 சந்தேகத்துக்குரியதாக இருந்திருக்கிறது.

இதிலிருந்து ஒரு விடயத்தை மட்டும் மனதில் வைத்திருங்கள். பெரிட்டின் குறைவாக இருந்தால் அதற்கு நடைமுறையில் ஒரே பொருள்தான்: இரும்பு இல்லை. நோர்மலாகவோ கூடவோ இருந்தால் அதற்குப் பல பொருள் உண்டு. காய்ச்சல், மூட்டுவாதம், ஈரலில் கொழுப்பு, உடற்பருமன், எல்லாமே அதைத் தூக்கும். ஆகவே காய்ச்சல் விட்டு மூன்று நான்கு கிழமை கழித்துத்தான் இந்தப் பரிசோதனையைச் செய்ய வேண்டும். அவசரமாகச் செய்யவேண்டி வந்தால் சி.ஆர்.பி. என்ற அழற்சிப் பரிசோதனையையும் கூடவே செய்தால் எந்தக் கோட்டை வைத்து வாசிப்பது என்று தெரியும்.

அடுத்த தாளில் முழு இரத்தக் கணக்கு இருக்கிறது. ஹீமோகுளோபின் 12.2. பிள்ளை வயிற்றில் இல்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே போனால்தான் இரத்தச்சோகை என்ற பெயர். வயல் இன்னும் பச்சை. ஆனால் நுனி மஞ்சளாகத் தொடங்கிவிட்டது என்பதை அதற்குக் கீழே உள்ள வரிகள் சொல்கின்றன. எம்.சி.வி. 78, அதாவது செவ்வணுக்கள் அளவில் சிறுத்துவிட்டன, 80க்கு மேல் இருந்திருக்க வேண்டும். எம்.சி.எச். 25.4, ஒவ்வோர் அணுவிலும் உள்ள நிறம் குறைந்துவிட்டது. ஆர்.டி.டபிள்யூ. 16.4, அணுக்கள் பெரிதும் சிறிதுமாகக் கலந்து இருக்கின்றன. இரும்பு இருந்த காலத்தில் செய்த பழைய அணுக்களும், தட்டுப்பாட்டில் செய்த புதிய அணுக்களும் ஒன்றாக ஓடுகின்றன. ஒரு செவ்வணு சுமார் 120 நாள் வாழும். ஆகவே இந்தக் கலப்பு, தட்டுப்பாடு அண்மையில்தான் அணுக்களைத் தொடத் தொடங்கியது என்பதற்கு அடையாளம். இன்னும் சில மாதம் விட்டால் 12.2 என்பது 11 ஆகும், 10 ஆகும்.

"ரத்தம் காணும்" என்று சொன்னவர் ஹீமோகுளோபினை மட்டும் பார்த்திருக்கிறார். அது பொய்யில்லை, போதாது. இரும்பு வேலை செய்வது இரத்தத்தில் மட்டுமல்ல, தசையிலும் மூளையிலும்தான். அதனால்தான் ஹீமோகுளோபின் விழாமலே களைப்பு வருகிறது. ஹீமோகுளோபின் சரியாக, பெரிட்டின் 50க்குக் கீழே, காரணம் தெரியாத களைப்போடு இருந்த பெண்களுக்கு 12 கிழமை இரும்புக் குளிசை கொடுத்துப் பார்த்த ஒரு பிரெஞ்சு ஆய்வு 2012இல் வெளிவந்தது. இரும்பு எடுத்தவர்களின் களைப்பு அளவு கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. வெறும் மாவுக் குளிசை எடுத்தவர்களுக்கும் கால் பங்குக்குச் சற்றுக் கூடவே குறைந்தது. ஆகவே களைப்பு முழுக்க இரும்பாலேயே என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். விடிய நாலரைக்கு எழும்பி பஸ்ஸைப் பிடிக்கிறவருக்குத் தூக்கமும் ஒரு காரணமாக இருக்கலாம். தைரொயிட் பரிசோதனை ஒன்றையும் செய்யுங்கள். தைரொயிட் குறைந்தாலும் களைப்பும் முடி கொட்டலும் அதிக மாதவிடாயும் வரும்.

நீங்கள் எழுதாத இரண்டு கேள்விகளை நான் கேட்கிறேன். இரவில் படுத்தபின் கால் குடைந்து, அசைக்காமல் இருக்க முடியாமல் போகிறதா? அரிசி புடைக்கும்போது பச்சை அரிசியை அள்ளி வாயில் போட வேண்டும் போலவோ, ஐஸ்கட்டி கடிக்க வேண்டும் போலவோ, மண் வாசனைக்கு ஆசையாகவோ இருக்கிறதா? இதைக் கெட்ட பழக்கம் என்று வீட்டில் ஏசுவார்கள், பிள்ளைகள் மறைத்துக்கொள்வார்கள். இரும்பு ஏறத் தொடங்கியதும் அந்த ஆசை தானாகவே போவதை நான் பல தடவை கண்டிருக்கிறேன். வெட்கப்படாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

அடுத்தது, குளம் ஏன் வற்றியது. இதைக் கேட்காமல் குளிசை மட்டும் எழுதுவது, உடைந்த அணைக்கட்டைப் பார்க்காமல் தண்ணீர் ஊற்றுவது. உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. எட்டு நாள், மூன்று இரவு எழும்புதல்.

ஒரு கணக்கைப் பாருங்கள். உங்கள் ஹீமோகுளோபின் அளவில் ஒரு மில்லிலீற்றர் இரத்தம் போனால் 0.4 மில்லிகிராம் இரும்பு போகிறது. சாதாரணமாக ஒரு மாதவிடாயில் 30, 40 மில்லிலீற்றர் போகும். 80க்கு மேல் போனால் அதிக இரத்தப்போக்கு என்கிறோம். 80 மில்லிலீற்றர் என்றால் மாதம் 32 மில்லிகிராம், நாளுக்குச் சராசரி ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேல். தோல், குடல் வழியாக எல்லாருக்கும் நாளாந்தம் போகும் ஒரு மில்லிகிராம் இதற்கு வேறாக இருக்கிறது. ஆக, நாளுக்கு இரண்டு மில்லிகிராமுக்கு மேல் உள்ளே எடுத்தால்தான் கணக்குச் சமன். சோறும் மரக்கறியுமாகச் சாப்பிடும் உடம்புக்கு அது கடினம். வருடக் கணக்கில் நாளுக்கு அரை மில்லிகிராம் துண்டு விழுந்தாலே குளம் வற்றிவிடும்.

"அம்மாவுக்கும் அப்படித்தான்" என்பதை நீங்கள் ஆறுதலாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது ஆறுதல் இல்லை. அம்மாவுக்கும் இரும்பு குறைவாக இருந்திருக்கலாம், யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். முகாமிலும் தறப்பாளின் கீழும் பிள்ளைகளை வளர்த்தெடுத்த அந்தத் தலைமுறை தன் களைப்பை யாரிடமும் சொல்லவில்லை. ஒரு மணி, இரண்டு மணிக்கொரு தடவை பாட் மாற்ற வேண்டி வந்தால், இரண்டரை சென்ரிமீற்றரை விடப் பெரிய கட்டிகள் போனால், ஏழு நாளைத் தாண்டினால், அது கவனிக்க வேண்டிய போக்கு. தாய்க்கும் மகளுக்கும் ஒரே மாதிரி இருந்தால் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: பல் பிடுங்கியபோது இரத்தம் நிற்காமல் வந்ததா, மூக்கால் அடிக்கடி வடிகிறதா, இலேசாக அடிபட்டாலும் கன்றிப் போகிறதா, பெரியபிள்ளையான நாளில் இருந்தே இப்படியா? ஆம் என்றால் இரத்தம் உறைவதில் பரம்பரைக் குறை இருக்கக்கூடும், அதற்குத் தனிப் பரிசோதனை உண்டு. இல்லையென்றால் கருப்பையை ஸ்கான் செய்து கட்டி ஏதும் உண்டா என்று பார்ப்பார்கள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. அப்போதும் போக்கைக் குறைக்க மருந்து இருக்கிறது. டிரனெக்சாமிக் அசிட் என்ற குளிசையை அதிகம் போகும் முதல் மூன்று நான்கு நாள் மட்டும் எடுத்தால் போக்கு நன்றாகக் குறையும். இரத்தக்கட்டு நோய் முன்பு வந்தவர்களுக்கு அது ஆகாது, அதனால் வைத்தியர் கேட்டறிந்துதான் எழுதுவார். கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலைகளின் மகப்பேற்று, பெண்நோயியல் கிளினிக்குகளில் இதைக் கேட்கலாம். கல்யாணம் ஆகாத பிள்ளை அங்கே போய் இருக்கலாமா என்று வீட்டில் தயங்கினால், இந்தக் கடிதத்தை அம்மாவிடம் வாசிக்கக் கொடுங்கள்.

மற்றக் காரணங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெறுங்காலோடு வயலிலும் தோட்டத்திலும் நிற்பவர்களுக்குக் கொழுக்கிப்புழு குடலில் இருந்து இரத்தம் உறிஞ்சும். பூச்சி மருந்து எடுத்துக் கனகாலம் என்றால் இப்போது எடுங்கள். இரத்ததானம் செய்கிறவர் என்றால் இது சரியாகும் வரை நிறுத்துங்கள். மலம் கறுத்துப் போவது (குளிசை தொடங்க முன்பே), மலத்தில் இரத்தம், மெலிவு, நீண்ட நாள் வயிற்றோட்டம் இருந்தால் அதை வைத்தியரிடம் முதலாவதாகச் சொல்லுங்கள், தேடல் அப்போது வேறு பக்கம் போகும்.

சிகிச்சை எளிது, ஆனால் எடுக்கும் முறையில்தான் பலர் தோற்கிறார்கள். உங்களுக்குத் தந்த விற்றமின் குளிசையின் மட்டையைப் படியுங்கள். அதில் இரும்பு இருந்தாலும் கொஞ்சம்தான் இருக்கும், அதை வைத்துக் குளம் நிரம்பாது. வைத்தியசாலையில் தரும் பெரஸ் சல்பேட் அல்லது பெரஸ் பியூமரேட் 200 மில்லிகிராம் குளிசையில் உண்மையான இரும்பு ஏறக்குறைய 65 மில்லிகிராம். அதில் உடம்பு எடுப்பது பத்து மில்லிகிராம் போலத்தான். முன்பு நாளுக்கு மூன்று என்று எழுதினோம். இப்போது அப்படி எழுதுவதில்லை. ஒரு குளிசை போட்டதும், காய்ச்சலில் துருசை மூடிய அதே ஹெப்சிடின் ஏறி, அடுத்த ஒரு நாளைக்குக் குடலின் வாசலை ஒடுக்கிவிடும். இரண்டாவது மூன்றாவது குளிசை வயிற்றைத்தான் புரட்டும், இரத்தத்தில் சேராது. உங்கள் நிலைக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு குளிசை போதும் என்பது என் கருத்து. தினமும் ஒன்று என்று உங்கள் வைத்தியர் எழுதினாலும் தவறில்லை.

நேரம்தான் முக்கியம். நீங்கள் விடிய வெறும் வயிற்றில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு ஓடுவீர்கள் என்று ஊகிக்கிறேன். தேயிலையில் உள்ள துவர்ப்பு இரும்பைப் பிடித்துக் கட்டிவிடும். அந்தத் தேத்தண்ணியோடு குளிசையை விழுங்கினால் பெரும்பகுதி வீணாகும். ஆகவே இரவில், சாப்பிட்டு இரண்டு மூன்று மணி கழித்து, படுக்கப் போகுமுன் தண்ணீரோடோ தேசிக்காய்த் தண்ணீரோடோ போடுங்கள். பால், கல்சியக் குளிசை, வயிற்றெரிவுக் குளிசை அதனோடு வேண்டாம். குமட்டினால் சாப்பாட்டுக்குப் பின் போடுங்கள், கொஞ்சம் குறைவாகச் சேரும், ஆனால் நிறுத்துவதைவிட அது மேல். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். மலச்சிக்கலுக்குத் தண்ணீர் கூடக் குடியுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் குளிசையை எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். கைநிறைய அள்ளித் தின்றால் ஒரு குழந்தையின் உயிரையே இரும்பு எடுத்துவிடும்.

சாப்பாட்டால் மட்டும் 11ஐ நிரப்ப முடியாது, நிரம்பியதைக் காக்க அது வேண்டும். முருங்கையிலை வறையில் இரும்பு உண்டு, ஆனால் கீரையின் இரும்பு குடலில் கொஞ்சமாகத்தான் ஏறும். அதே சோற்றில் ஒரு துண்டு மீனோ இறைச்சியோ ஈரலோ இருந்தால் கீரையின் இரும்பும் சேர்ந்து ஏறும். தேசிப்புளி பிழிந்தாலோ, பின்னால் ஒரு கொய்யாப்பழமோ நெல்லிக்காயோ கடித்தாலோ அப்படித்தான். தேத்தண்ணியைச் சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளினால், சமையலில் எதையும் மாற்றாமலே கூடுதலாகக் கிடைக்கும். வேலை இடத்தில் பத்து மணி இடைவேளைக்குப் பாணும் தேத்தண்ணியும்தான் என்றால், கௌபியோ கடலையோ அவித்து ஒரு பெட்டியில் கொண்டுபோங்கள்.

கல்யாணம் ஆவணியில் என்பதால் இன்னொரு விடயம். சிறுத்த செவ்வணுக்கள் இரும்புக் குறைவில் மட்டுமல்ல, தலசீமியாவின் மரபைச் சுமப்பவர்களிடமும் இருக்கும். சுமப்பவருக்கு நோய் இல்லை. ஆனால் கணவனும் மனைவியும் இருவருமே சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, வாழ்நாள் முழுக்க இரத்தம் ஏற்ற வேண்டிய நோய் வர. உங்கள் எம்.சி.வி.யைச் செவ்வணு எண்ணிக்கையான 4.8ஆல் பிரித்தால் 16 வருகிறது. 13க்கு மேல் வந்தால் இரும்புக் குறைவின் பக்கம் சாய்கிறது, 13க்குக் கீழே வந்தால் தலசீமியாவின் பக்கம். இது ஊகக் கணக்குத்தான், தீர்ப்பு இல்லை. இரண்டும் ஒருவரிடமே இருக்கவும் கூடும். இரும்பு குறைந்திருக்கும்போது தலசீமியாப் பரிசோதனை செய்தால் அதன் இலக்கம் கீழே இழுபட்டு, இருப்பதை இல்லை என்று காட்டிவிடலாம். ஆகவே இரும்பு நிரம்பிய பின் முழு இரத்தக் கணக்கைத் திரும்பப் பாருங்கள். அப்போதும் எம்.சி.வி. 80க்குக் கீழேயே நின்றால் அந்தப் பரிசோதனை கட்டாயம். அதுவரை காத்திருக்காமல் இப்போதே செய்யக்கூடியது, மாப்பிள்ளையின் முழு இரத்தக் கணக்கை எடுப்பது. அவருடைய எம்.சி.வி.யும் எம்.சி.எச்.உம் நல்லபடியாக இருந்தால் கவலை பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஜாதகத்தோடு அந்தத் தாளையும் கேட்டு வாங்குங்கள் என்று நான் எல்லா வீட்டிலும் சொல்கிறேன்.

கர்ப்பம் ஒன்றுக்கு முழுவதுமாக ஏறக்குறைய 1000 மில்லிகிராம் இரும்பு வேண்டும். 11ஐ வைத்துக்கொண்டு அதற்குள் இறங்கினால் ஹீமோகுளோபின் விழத் தொடங்கும். ஆவணிக்கு முன் உங்களிடம் ஐந்து மாதம் இருக்கிறது. அது போதும்.

பங்குனியில் குளிசையைத் தொடங்கினால் ஆனி தொடக்கத்தில் பெரிட்டினையும் முழு இரத்தக் கணக்கையும் திரும்ப எடுங்கள். முதல் நாள் குளிசை போடாமல், காய்ச்சல், தடிமன் எதுவும் இல்லாத கிழமையாகப் பார்த்து, விடிய, முடிந்தால் அதே ஆய்வுகூடத்தில். களைப்பு அதற்கு முன்பே குறையத் தொடங்கலாம். முடிக்கு இன்னும் சில மாதம் பிடிக்கும். பெரிட்டின் 50ஐத் தொட்டால் எனக்குத் திருப்தி. 30க்கு மேல் வந்து ஏறிக்கொண்டிருந்தால் இன்னும் மூன்று மாதம் தொடருங்கள். ஒழுங்காகப் போட்டும் 20ஐத் தாண்டவில்லை என்றால் மூன்று வழிதான்: மாதவிடாயில் போவது வருவதைவிடக் கூட, அல்லது குடல் எடுக்கவில்லை, அல்லது வேறு எங்கோ இரத்தம் கசிகிறது. இரைப்பையில் உள்ள ஒரு கிருமியும், கோதுமை ஒத்துவராத குடல் நோயும் இரும்பை ஏறவிடாமல் தடுக்கும். அந்த இடத்தில் குளிசையைக் கூட்டிக்கொண்டே போகாமல் பொது மருத்துவ நிபுணரைப் பார்க்க வேண்டும். நாளம் வழியாக இரும்பு ஏற்றும் வசதியும் அவரிடம் உண்டு.

நெஞ்சுப் படபடப்பு சும்மா இருக்கும்போதும் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, தலைசுற்றி விழுந்தாலோ ஆனி வரை பொறுக்காமல் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். போகும்போது மார்கழி, மாசி ரிப்போட்டுகள் இரண்டையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். மார்கழித் தாளின் மேல் மூலையில் "காய்ச்சல் நேரம்" என்று பேனாவால் எழுதி வையுங்கள். இல்லையென்றால் அடுத்து பார்ப்பவரும் 46ஐ நம்பிவிடுவார்.